பொன்னுமணி கேட்ட டிராபேக்

பொன்னுமணியை அழகுராஜாவிடம் வேலைக்குச் சேர்த்துவிட்டது அவளுடைய அண்ணன் காமராஜ்தான். தூத்துக்குடியில் கப்பல் சரக்கு விடுவிக்கும் ஏஜென்ட் ஆபீசில் அவளும் புருஷனும் சேர்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அவள் பிறந்த ஊரான போடிக்கே திரும்பி வந்துவிட்டாள். பிள்ளை குட்டி கிடையாது. அண்ணன் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு மனமில்லை.

அழகுராஜா அப்போதுதான் ஏற்றுமதியில் இறங்கியிருந்தான். அப்பா காலத்திலிருந்தே ஏலக்காய் வியாபாரம். மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு முன்பணம் கொடுத்து, காயை ஏலத்துக்குக் கொண்டுபோய் விற்றுத் தருவது பழைய தொழில். காமராஜுக்கும் அவன்தான் முன்பணம் கொடுப்பவன். "நம்ம தங்கச்சி கஸ்டம்ஸ் சோலியெல்லாம் தெரிஞ்ச பிள்ளைப்பா" என்று காமராஜ் சொன்னதும் அவன் யோசிக்கவே இல்லை. அப்படி ஒரு ஆள் போடியில் கிடைப்பது அவனுக்குப் பெரிய விஷயம். முதல் நாளிலிருந்தே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். அவளும் தம்பி என்றே கூப்பிட்டாள். முதலாளி என்று கூப்பிடச் சொல்லி அவன் எதிர்பார்த்ததும் இல்லை.

அவன் செய்த ஏற்றுமதி இதுதான். குவாத்தமாலாவிலிருந்து ஏலக்காய் வாங்குவான். நம் மலைக்காயைவிட விலை குறைவு, வாசமும் குறைவு. அதை அரைத்துப் பொடியாக்கி, கிருமி நீக்கி, பையில் அடைத்து வளைகுடா நாடுகளுக்கு அனுப்புவான். அங்கே ரொட்டிக்கும் காப்பிக்கும் போடுகிறவர்களுக்கு அது போதும். வெளிநாட்டுக் காய்க்கு இங்கே சுங்க வரி கடுமை. மலைக்காரன் பிழைக்க வேண்டுமே என்று போட்ட வரி. ஆனால் உள்ளே வருவது மறுபடி வெளியேதான் போகப்போகிறது என்றால் ஏற்றுமதிக்காரனிடம் அந்த வரியைப் பிடித்து வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. அதற்கு அரசாங்கம் இரண்டு வழி வைத்திருக்கிறது. ஒன்று, முதலில் வரியைக் கட்டிக் காயை எடுத்துவிட்டு, பொடி கப்பல் ஏறியபின் கணக்குக் காட்டி வரியைத் திரும்ப வாங்கிக்கொள்வது. அதைத்தான் டிராபேக் என்பார்கள். இன்னொன்று, வரியே கட்டாமல் காயைச் சுங்கத்துறை உரிமம் உள்ள கிடங்கான பாண்டு குடோனில் கொண்டுவந்து வைத்து, அங்கேயே அரைத்து, அங்கிருந்தே ஏற்றுமதி செய்வது.

ஆரம்பத்தில் டிராபேக் வழிதான். கட்டிய வரி திரும்பி வருவதற்குள் அழகுராஜாவுக்கு மூச்சு முட்டியது. அவள்தான் பாண்டு குடோன் யோசனையைச் சொன்னாள். தேவாரம் ரோட்டில் இருந்த அவனுடைய மில்லுக்கே சுங்கத்துறையில் உரிமம் வாங்கினார்கள். உரிமத்துக்குக் குடோன் பொறுப்பாளர் என்று விஷயம் தெரிந்த ஒருவரைக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் பொன்னுமணியின் பெயர் ஏறியது.

அந்தக் காலத்தில் பாண்டு குடோன் என்றால் வியாபாரி ஒரு பூட்டும் அதிகாரி ஒரு பூட்டும் போட்டு வைப்பார்கள் என்று அவள் புருஷன் சொல்லிக் கேட்டிருக்கிறாள். இந்த மாதிரி குடோன்களுக்கு இப்போது அதிகாரி பூட்டு கிடையாது. துறைமுகத்தில் கன்டெய்னருக்கு சீல் வைத்து அனுப்புவார்கள். இங்கே வந்ததும் பொறுப்பாளர் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, சரக்கு வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பிறகு எவ்வளவு அரைத்தோம், எவ்வளவு பொடி வந்தது, எவ்வளவு கப்பல் ஏறியது என்று மாதாமாதம் கணக்கு அனுப்ப வேண்டும். அரசாங்கம் அவள் கையெழுத்தை நம்பியிருந்தது. அழகுராஜாவும் அதைத்தான் நம்பியிருந்தான், வேறு விதமாக.

உள்நாட்டில் விற்கவே கூடாது என்றும் இல்லை. வேண்டுமென்றால் அதற்கான ஆவணம் போட்டு, விட்டுவைத்த வரியைக் கட்டிவிட்டு வெளியே எடுத்துத் தாராளமாக விற்கலாம். வரியைக் கட்டிவிட்டால் லாபம் எங்கே இருக்கிறது என்பதுதான் அழகுராஜாவின் கணக்கு.

குடோனையும் மில்லையும் ஒரு இரும்புக் கதவு பிரித்தது. குடோன் பக்கம் பொன்னுமணி. காய் மூட்டை கதவைத் தாண்டி மில்லுக்குப் போனால் அரைக்கப் போனதாக எழுதுவாள். மில்லில் பால்ராஜ் என்று ஒரு சூப்பர்வைசர். அரைத்த பொடியின் எடையை அவன் சொல்வான், அவள் ஏற்றிக்கொள்வாள். கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க அவளுக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை. எடை சரியாக வந்தது. கப்பலும் போனது.

காமராஜின் தோட்டம் குரங்கணிக்கு மேலே, ஜீப் போகிற பாதை முடிந்து இன்னும் கொஞ்சம் நடந்தால் வரும். அப்பா வைத்த செடிகள் செத்து, இவன் வைத்த செடிகள் காய்த்துக்கொண்டிருந்தன. காமராஜ் அதிகம் பேசாத ஆள். ஆனால் ஏலத்தில் அவன் பெயர் சொன்னால் வாங்குகிறவர்கள் காயை உடைத்துக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லிக்கொள்வதில் அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. மழைக்காலத்திலும் காய் உலர்த்தும் ஸ்டோரில் புகை ஏறாமல் பச்சை மாறாமல் எடுத்துவிடுவான்.

அந்தப் பெயர் ஒரே நாளில் போனது. ஏலத்தில் அவன் பெயரில் வாங்கிய காயை வடநாட்டு வியாபாரி ஒருவர் பெட்டியோடு திருப்பிக் கொண்டுவந்து, எல்லோர் முன்னாலும் மேசைமேல் கொட்டினார். "இது மலைக்காயா? வெளிநாட்டுச் சரக்கைக் கலந்து விக்கிறீங்க" என்றார். ஏலக் கம்பெனி பழைய விற்பனையை எல்லாம் திருப்பிப் பார்த்தது. காமராஜ் பெயரில் அவன் தோட்டம் காய்க்கக்கூடிய அளவுக்கு மேல் காய் விலைபோயிருந்தது. காமராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் காயை அழகுராஜா ஆளிடம் மூட்டையாகக் கொடுப்பான். ஏலத்தில் வைப்பது, விற்பது, முன்பணத்தைக் கழிப்பது எல்லாம் அழகுராஜாதான். அதைச் சொன்னபோது யாரும் காதில் வாங்கவில்லை. அழகுராஜா எழுந்து நின்று, "அண்ணன் குடுத்த மூட்டையை நான் அப்பிடியே வச்சேன். உள்ளுக்குள்ள என்ன இருக்குன்னு நான் எதுக்குப் பாக்கப் போறேன்?" என்று வருத்தமாகச் சொன்னான்.

காமராஜ் பெயரில் இனி காய் எடுப்பதில்லை என்று ஏலக் கம்பெனி நிறுத்திவிட்டது. அடுத்த காய்ப்பில் வெளியே, வந்த விலைக்குத்தான் விற்க முடிந்தது. முன்பணம் கழியவில்லை. கடைசியில் தோட்டத்தை அழகுராஜாவுக்கே எழுதிக் கொடுத்தான். அழகுராஜா பெரிய மனது பண்ணியதாக ஊரே பேசியது, ஏனென்றால் அதே தோட்டத்தில் காமராஜையே மேற்பார்வைக்கு வைத்துக்கொண்டான். தன் தோட்டத்தில் மாசச் சம்பளத்துக்கு வேலை. "வேற யாரா இருந்தாலும் துரத்திவிட்டுருப்பான்" என்று காமராஜின் மனைவி ஈஸ்வரியே நன்றியோடு சொன்னாள்.

பொன்னுமணியும் அப்படித்தான் நினைத்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வரை. அன்று தன் வாடகை வீட்டிலிருந்து அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்த வியாபாரி மேசைமேல் கொட்டிய காயில் ஒரு கை காமராஜ் அள்ளிவந்து அலமாரியில் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினான். எப்போதாவது எடுத்துப் பார்த்துக்கொள்வான் போலிருக்கிறது.

"நீயே சொல்லுத்தா, இது நம்ம காயா?"

அவள் ஒரு காயை உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். அதே வெளுத்த தோல். அதே உப்பின வயிறு, உடைத்தால் வற்றிப்போன விதை. மாதக்கணக்காகக் குடோனில் சாம்பிள் எடுத்து அவள் கை பழகிய காய். துறைமுகத்தில் அடிக்கும் பூச்சிமருந்து வாடைகூட லேசாக இருந்ததாக அவளுக்குப் பட்டது. தன் கையெழுத்தில் அரைக்கப்போன காய் முழுசாக, அண்ணன் பெயரை ஒட்டிக்கொண்டு ஏலத்துக்குப் போயிருக்கிறது.

"இல்லைண்ணே, இது நம்ம காய் இல்லை" என்றாள், அவ்வளவுதான். ஈஸ்வரி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவளுக்கு எந்தத் தெரு வழியாக வந்தோம் என்பதே நினைவில்லை.

அரசாங்கத்து வரிமேல் அவளுக்கு ஒன்றும் பெரிய பக்தி கிடையாது. தூத்துக்குடியில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக ஏய்த்ததைப் பார்த்தவள். அழகுராஜா வரியை ஏய்த்தான் என்பது மட்டும் என்றால் வேலையை விட்டு விலகியிருப்பாள். அண்ணன் பெயரை எடுத்துத் துடைத்துப் போட்டானே, அதற்கு என்னையே துணியாக்கினானே என்பதுதான் அவளைத் தின்றது.

மறுநாள் வேலைக்குப் போனாள். அழகுராஜாவிடம் அவன் பிள்ளைகள் பரீட்சை எப்படி எழுதினார்கள் என்று விசாரித்தாள்.

அதன்பிறகு ஏதாவது சாக்கு வைத்து அடிக்கடி இரும்புக் கதவைத் தாண்டினாள். மெதுவாகப் புரிந்தது. கதவைத் தாண்டிய குவாத்தமாலா காய் மில்லின் பின்கொட்டகையில் சாக்கு மாற்றி அடுக்கப்படும். மலைத் தோட்டங்களிலிருந்து வருகிற பழைய சாக்கு. பால்ராஜ் அதில் தோட்டக்காரர் பெயர்ச் சீட்டை வைத்துத் தைப்பான். இப்போது காமராஜ் பெயர் இல்லை, அழகுராஜாவிடம் முன்பணம் வாங்கிய வேறு இரண்டு மூன்று பேர். எந்திரத்துக்குப் போவதோ, வெடித்த காயும் ஏலக்காய்த் தோலும். இங்கேயே அடிமாட்டு விலைக்கு வாங்கியது. அதைத்தான் அரைத்து, வாசத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் தெளித்து, கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். எடைக்கு எடை சரியாக இருந்தது. காகிதத்தில் குவாத்தமாலா காய் பொடியாகிக் கடல் தாண்டிவிட்டது. அசலில் அது வரி கட்டாமல் இந்த ஊர்ச் சந்தையில் மலைக்காய் என்று விலைபோய், மலைக்காரன் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

உடனே போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் அவளுக்கு அழகுராஜாவைத் தெரியும். மதுரை சுங்க அலுவலகத்திலிருந்து வண்டி கிளம்பினால் உசிலம்பட்டி தாண்டுவதற்குள் யாராவது அவனுக்கு போன் செய்துவிடுவார்கள். கொட்டகை காலியாகிவிடும். இல்லையென்றால், ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வெளியே போன காய்க்குத் தானாகவே வரியைக் கட்டி விஷயத்தைச் சின்னதாக்கிவிடுவான். அபராதத்தோடு தப்பித்து மறுபடி வந்து அக்கா என்பான். அது அவளுக்கு வேண்டாம். அவனே கதவைத் திறந்து, வாங்க என்று அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைக்கிற மாதிரி அதிகாரிகள் வர வேண்டும்.

அதற்கு வழி தேடி ஒரு காய்ப்புக்காலம் முழுக்கப் பொறுத்தாள். அந்தக் காலமெல்லாம் கணக்கில் கையெழுத்தும் போட்டாள், இந்த முறை தெரிந்தே.

வழியை அழகுராஜாவின் பேராசையே காட்டியது. பொடி அடைக்கிற உறைப்பைகளை அவன் வெளிநாட்டிலிருந்து வாங்கினான். வாசம் போகாத அலுமினியப் பூச்சுப் பை. அவற்றை பாண்டில் கொண்டுவராமல், அவசரத்துக்கு வரி கட்டியே எடுத்திருந்தான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே அந்த வரியைப் பற்றிப் புலம்பினான். அவள் டீயை ஊதிக் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"அதுக்கு டிராபேக் கேக்கலாம் தம்பி."

"பாண்டுல செய்யுற சரக்குக்கு டிராபேக் இல்லைன்னு நீங்கதானக்கா சொன்னீங்க?"

எல்லோருக்கும் பொதுவாக அட்டவணையில் போட்டிருக்கிற வீதம்தான் பாண்டு சரக்குக்கு இல்லை என்று அவள் விளக்கினாள். வரி கட்டி வாங்கிய பை ஏற்றுமதிப் பொடியோடு வெளியே போயிருக்கிறது. அந்தப் பைக்கு உண்மையில் எவ்வளவு வரி கட்டினோம் என்று காட்டி, நம் சரக்குக்கென்று தனி வீதம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பையும் பொடியும் கணக்கு ஒத்துப்போகிறதா என்று அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான் என்றாள்.

அவன் முகம் மலர்ந்தது. பார்க்க வருகிறவர்கள் பையைத்தானே பார்ப்பார்கள்? பை வாங்கியதும் உண்மை, வரி கட்டியதும் உண்மை, அனுப்பியதும் உண்மை. "போட்டுருங்கக்கா. வெரசா போட்டுருங்க" என்றான். அவன் சொல்லி அவள் செய்தாள். விண்ணப்பத்தில் அவன் கையெழுத்து இருந்தது.

விண்ணப்பம் மதுரைக்குப் போனது. கொஞ்ச நாளில், சரிபார்க்க எப்போது வரலாம் என்று அங்கிருந்து கேட்டார்கள். அந்தப் பேச்சுவார்த்தை எல்லாம் பொன்னுமணியின் பொறுப்பு. அடுத்த கன்டெய்னர் வந்து, காய் கதவைத் தாண்டி, சாக்கு மாற்றி, ஏலத்துக்குக் கிளம்பும் முன் கொட்டகையில் நிறைந்து கிடக்கிற நாள் எது என்று அவளுக்குத் தெரியும். அந்த நாளைச் சொன்னாள்.

அதற்கு முந்தின வாரம், ஒரு கல்யாணத்துக்குப் போவதாகச் சொல்லி லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனாள். சுங்க அலுவலகத்தில் சிவக்குமார் என்ற கண்காணிப்பாளரைப் பார்த்தாள். நடுவயது ஆள், நிதானமானவர். அவள் சொன்னதை முழுவதும் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். தகவல் கொடுப்பவர்கள் பெயரை வெளியே விட மாட்டோம், கோர்ட்டில்கூடச் சொல்ல மாட்டோம், பிடிபடுகிற தொகையில் வெகுமதியும் உண்டு, நீங்கள் பயப்பட வேண்டியதில்லை என்றார்.

"எனக்கு வெகுமதி வேண்டாம் சார். தகவலாக் குடுக்கலை. வாக்குமூலமா எழுதிக்கங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வாக்குமூலமாக் குடுத்தா அது வழக்குல சேரும். நோட்டீஸ் அனுப்புறப்ப அதோட நகல் அவருக்குப் போகும். நீங்கதான்னு தெரிஞ்சுரும்மா."

"தெரியணும் சார். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

இன்னொன்றும் அவர் சொல்ல வேண்டியிருந்தது. குடோன் பொறுப்பாளர் அவள். கணக்கு அவள் கையெழுத்தில் போயிருக்கிறது. விஷயம் தெரிந்தபிறகும் கையெழுத்துப் போட்டதாக அவளே சொன்னால், அவள் பெயரும் நோட்டீசில் வரும், அபராதம் வரும். யோசித்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வந்துகூடச் சொல்லலாம் என்றார். யோசித்துவிட்டுத்தான் வந்தேன் என்று அவள் சொன்னாள். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

குறித்த நாளில் இரண்டு வண்டிகள் வந்தன. வெறும் உறைப்பைக் கணக்குக்கு எதற்கு இத்தனை பேர் என்று அழகுராஜா ஒரு கணம் யோசித்திருக்கக்கூடும். ஆனால் தானே கேட்டு வரவழைத்தவர்கள் ஆயிற்றே. நாற்காலி போட்டான். இளநீர் வெட்டச் சொன்னான். சிவக்குமார் முறைப்படி பைகளிலிருந்தே ஆரம்பித்தார். பையை எண்ணினார்கள். ஒரு பையைப் பிரித்துப் பொடியைத் தட்டில் கொட்டி, சாம்பிள் எடுத்து அழகுராஜா முன்னாலேயே சீல் வைத்தார்கள். இந்தப் பொடி எந்தக் காயிலிருந்து வந்தது என்று சிவக்குமார் கேட்டார். குவாத்தமாலா காய் என்றான். அரைக்கிற இடத்தைப் பார்க்கலாமா என்றார்.

இரும்புக் கதவைத் தாண்டியபோது எந்திரத்தின் வாயில் ஏலக்காய்த் தோல் குவிந்து கிடந்தது. பால்ராஜ் ஓடிப்போய்ப் பின்கொட்டகைக் கதவை மூடப் பார்த்தான். அதிகாரிகளில் ஒருவர் அவனுக்கு முன்னால் போய் நின்றார். உள்ளே மலைச் சாக்குகள் கூரை தொட அடுக்கியிருந்தன. ஒரு சாக்கைப் பிரித்துக் காயைக் கொட்டினார்கள். பெயர்ச் சீட்டில் போட்டிருந்த தோட்டக்காரரைக் கேட்டு வர ஒரு வண்டி போனது. அந்தத் தோட்டத்தில் அந்த மாதம் இன்னும் காய் எடுக்கவே ஆரம்பிக்கவில்லை.

அழகுராஜா அதிகாரிகளைப் பார்க்கவில்லை. திரும்பிப் பொன்னுமணியைத்தான் தேடினான். அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, சொல்லுங்கக்கா. கணக்கெல்லாம் சரியாத்தான இருக்கு?" என்றான். அவன் குரலில் இன்னும் நம்பிக்கை இருந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் மூட்டைமேல் கையை ஊன்றிக்கொண்டான்.

உரிமத்தை நிறுத்திவைத்தார்கள். சரக்கைப் பறிமுதல் செய்தார்கள். அழகுராஜாவைக் கைது செய்து மதுரைக்குக் கொண்டுபோனார்கள். போடி முழுக்க அதே பேச்சு. மலைக்காயோடு வெளிநாட்டுக் காயைக் கலந்தது யார் என்பது வெளியே வந்ததும், ஏலக் கம்பெனிக்காரர்கள் காமராஜைக் கூப்பிட்டனுப்பி, அவன் பெயரில் இருந்த தடையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். வடநாட்டு வியாபாரியே போனில் மன்னிப்புக் கேட்டார்.

பொன்னுமணி எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. இத்தனை வரியைக் கட்டினால்தான் ஜாமீன் என்றது கோர்ட்டு. அழகுராஜா வீட்டார் கையிலிருந்ததை எல்லாம் வந்த விலைக்கு விற்றார்கள். முதலில் போனது குரங்கணித் தோட்டம். மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்து முதலாளி ஒருவர் வாங்கினார். அவர் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். காமராஜை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஈஸ்வரி வந்து குடோன் வாசலில் நின்று சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. பொன்னுமணியின் வாடகை வீட்டுக்கு வந்து, உட்காராமலேயே பேசினாள்.

"உங்க அண்ணன் அந்தச் செடியைப் பாத்துக்கிட்டாவது இருந்தாரு. இப்ப அதுவும் இல்லை. உங்க கோவத்துக்கு எங்களைக் கேட்டீங்களா?"

"அவர் பேரு திரும்பி வந்துருச்சுல்ல மதினி."

"பேரை வச்சு எந்தச் செடியில காய் பறிக்க?"

காமராஜ் பல மாதம் அவளோடு பேசவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு காய்க்கடையில் தரம் பிரிக்கிற வேலைக்குச் சேர்ந்தான். அவள் அந்தப் பக்கமாகப் போனால் குனிந்துகொள்வான். நான் அன்றைக்கே போய்ச் சொல்லி அழகுராஜாவை அபராதத்தோடு விட்டிருந்தால் போதுமே, தோட்டத்தை மறுபடி எழுதி வாங்கிய பிறகு செய்திருக்கலாமே என்றெல்லாம் அவள் யோசித்துப் பார்த்தாள். எந்த வழியில் யோசித்தாலும், அவன் கூப்பிட்டு உட்காரவைத்த நாற்காலியும் வெட்டிக் கொடுத்த இளநீரும் நினைவுக்கு வந்து உள்ளே ஒரு சூடான திருப்தி பரவியது. அண்ணனுக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்வதை அப்போதுதான் நிறுத்தினாள். தனக்காகத்தான் செய்திருந்தாள்.

நோட்டீஸ் வர நாளானது. வந்தபோது அழகுராஜாவுக்கு ஒன்று, பால்ராஜுக்கு ஒன்று, பொன்னுமணிக்கு ஒன்று. ஏய்த்த வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் ஏன் பொறுப்பாக்கக் கூடாது என்று கேட்டிருந்தது. டிராபேக் விண்ணப்பமும் தள்ளுபடி. நேரில் வந்து விளக்கம் சொல்ல எல்லோரையும் ஒரே நாளில் மதுரைக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

அந்த அலுவலக நடையில் ஒரு நீளப் பெஞ்சு. பொன்னுமணி போனபோது அழகுராஜா ஒரு ஓரத்தில் இருந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது. சட்டை மட்டும் எப்போதும்போல் வெள்ளையாக மடிப்புக் கலையாமல் இருந்தது. வக்கீல் உள்ளே போயிருந்தார். அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். நடுவில் அவன் பை, அதிலிருந்து நோட்டீசின் நகல்கள் எட்டிப்பார்த்தன. மேலே இருந்தது அவள் வாக்குமூலம். மூலைகள் மடங்கியிருந்தன. பலமுறை படித்திருக்கிறான்.

சுவரைப் பார்த்தபடியே கேட்டான். "பை டிராபேக்கைச் சொன்னப்பவே முடிவு பண்ணிட்டுத்தான் சொன்னீங்களா?"

"அதுக்கும் முன்னாடியே."

"ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாம்லக்கா. தோட்டத்தைத் திருப்பி எழுதிக் குடுத்திருப்பேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். கேட்டிருந்தால் கொடுத்திருப்பானோ என்னவோ. கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பான், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள.

"ஏலத்துல எல்லார் முன்னாலயும் எங்க அண்ணனை அப்பிடிச் சொன்னப்ப, நீங்க ஒரு வார்த்தை எங்ககிட்டக் கேட்டீங்களா தம்பி?" என்றாள்.

உள்ளேயிருந்து ஒரு ஆள் வந்து, பொன்னுமணி யார் என்று கேட்டான். அவள் எழுந்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். நோட்டீசில் சொல்லியிருப்பதற்கு உங்கள் பதில் என்ன என்று கேட்டபோது, எல்லாம் உண்மைதான் என்று சொன்னாள். வக்கீல் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றாள்.

அவள்மேல் போட்ட அபராதத்தைக் கட்ட அவளுக்குக் கையிலிருந்த நகை போனது. இனி எந்த பாண்டு குடோனிலும் பொறுப்பாளராக அவள் இருக்க முடியாது. போடியில் யாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. காட்டிக்கொடுத்தவள் என்று சிலர், துணிச்சல்காரி என்று சிலர். அதிகம் பேர் அவள் எதிரே வந்தால் பேச்சை மாற்றிக்கொண்டார்கள். தேவாரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போய்வருகிறாள். அழகுராஜாவின் வழக்கு மேல்முறையீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. தேதி போட்டால் அவளும் மதுரைக்குப் போகிறாள். இப்போது அவளைக் கூப்பிடுவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. கடையில் சம்பளம் பிடித்தாலும் பரவாயில்லை என்று லீவு சொல்லிவிட்டு, காலை பஸ்சில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறாள். அவன் வருகிற பாதையில், அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நிற்கிறாள்.